சக்கரம் தயங்கும் இடம்

(கல்லூரி இயற்பியல் மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். மேசை மேல் இருக்கும் இந்தச் சைக்கிள் சக்கரத்தைப் பார்த்து, ஐயா பஞ்சர் ஒட்டப் போகிறார் என்று பின்வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. டயரையும் டியூபையும் ஏற்கெனவே கழற்றியாகிவிட்டது. விளிம்பை ஒட்டி, கம்பிகளுக்கு நடுவே, அரைக் கிலோ இரும்பு நட்டுகளைத் துணியில் சுற்றிக் கட்டியிருக்கிறேன். அச்சு இந்தத் தாங்கியில் இறுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இன்றைய கணக்கில் இது சக்கரம் அல்ல, ஊசல். கயிற்றில் தொங்கும் ஊசலைவிட இது எனக்கு உகந்தது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மெல்லத் தட்டுகிறேன். பொட்டலம் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. ஓங்கித் தட்டினால் முழுச் சுற்றாகச் சுற்றுகிறது. இப்போது நான் தொடப்போவதில்லை, நீங்கள் பார்த்துக்கொண்டே இருங்கள். உராய்வு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. வேகம் குறைகிறது... இதோ, இந்தச் சுற்றில் பொட்டலம் உச்சிக்கு வந்து நிற்கிறாற்போல் தயங்கி, அந்தப் பக்கம் விழுந்தது. அடுத்த முறை உச்சியைத் தொடாமலே திரும்பிவிட்டது. இனி அது சுற்றாது, ஆடும். அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பள்ளியில் ஊசலின் அலைவு நேரத்துக்கு ஒரு சூத்திரம் படித்திருப்பீர்கள்: T = 2π√(L/g). அதற்குப் பக்கத்தில் 'சிறு கோணங்களுக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் இருக்கும். தேர்வில் அதை யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் நினைவில் வைப்பதுமில்லை. மீட்கும் விசை sin θ-வைச் சார்ந்தது. கோணம் சிறிதாக இருக்கும்போது sin θ-வுக்குப் பதில் θ என்று போட்டுக்கொள்கிறோம், கணக்கு எளிதாகிவிடுகிறது. ஆனால் அந்த எளிய சமன்பாட்டில் ஊசலுக்கு உச்சி என்று ஒன்றே கிடையாது. கோணம் கூடக் கூட விசையும் கூடிக்கொண்டே போகும். எவ்வளவு ஓங்கித் தள்ளினாலும் அந்த ஊசல் திரும்பி வந்துவிடும், சுற்றவே சுற்றாது. உண்மை ஊசலில் 90 பாகைக்கு மேல் விசை குறையத் தொடங்குகிறது. நேர் உச்சியில் அது சுழியமாகிவிடுகிறது. இன்றைய பேச்சு முழுவதும் அந்தச் சுழியத்தைச் சுற்றியே வரும்.

எடையில்லாத விறைப்பான கம்பி, 1 மீட்டர் நீளம், முனையில் ஒரு குண்டு என்று வைத்துக்கொள்வோம். உராய்வு இல்லை. sin θ இருக்கும் சமன்பாட்டைத் தீர்ப்பது கடினம். ஆனால் ஊசல் எங்கே போகும், எங்கே போகாது என்று சொல்ல அதைத் தீர்க்கவே வேண்டாம், ஆற்றல் அழிவின்மை ஒன்றே போதும். குண்டு அடியிலிருந்து L(1 − cos θ) உயரம் ஏறுகிறது, அந்த அளவுக்கு நிலை ஆற்றல் கூடி இயக்க ஆற்றல் குறைகிறது. அடியில் வேகம் v₀ என்றால்,

v² = v₀² − 2gL(1 − cos θ)

உச்சியில் 1 − cos θ = 2. அங்கே v சுழியமாக வேண்டுமானால் v₀² = 4gL. g-க்கு 9.8 போட்டால் v₀ வினாடிக்கு 6.26 மீட்டர். எல்லை இதுதான். இதற்குக் கீழே ஆட்டம், மேலே சுற்று.

எல்லைக்கு இருபுறமும் சற்று எட்டிப் பார்ப்போம். அடியில் 6 மீட்டர் வேகம் கொடுத்தால் குண்டு 147 பாகை வரை ஏறித் திரும்புகிறது. 6.25 கொடுத்தால் 173 பாகை. எல்லையைவிட வேகம் 1 சென்டிமீட்டர்தான் குறைவு, உச்சிக்கு ஏறத்தாழ 7 பாகை முன்பே நின்றுவிடுகிறது. 6.27 கொடுத்தாலோ வினாடிக்கு 34 சென்டிமீட்டர் வேகத்தில் உச்சியைக் கடந்துபோகிறது. அடியில் 2 சென்டிமீட்டர் வித்தியாசம், மேலே கதையே வேறு.

இதை இப்போது படமாக வரைகிறேன். குறுக்கு அச்சில் கோணம், நெடுக்கு அச்சில் கோணத் திசைவேகம். இந்தத் தாளில் ஒரு புள்ளி வைத்தால் ஊசல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் எவ்வளவு விரைவாகப் போகிறது என்ற இரண்டும் தெரிந்துவிடும். இதற்குக் கட்டத் தளம் என்று பெயர். சமன்பாட்டைத் தீர்க்காமல் அதன் வளைகோடுகளின் வடிவத்தைப் பார்த்தே இயக்கத்தைப் புரிந்துகொள்ளும் வழியை 1880களில் பிரான்சில் ஆன்றி புவான்காரே வளர்த்தெடுத்தார்.

சிறு ஆட்டங்கள் நடுப்புள்ளியைச் சுற்றி நீள்வட்டங்களாக வருகின்றன. ஆட்டம் பெரிதாகப் பெரிதாக நீள்வட்டத்தின் இரு ஓரங்களும் கூர்மையாகின்றன. மேலே, முழுச் சுற்றுகள் அலை அலையான கோடுகளாக, குறுக்கு அச்சைத் தொடாமலே ஓடுகின்றன. வேகம் எங்கும் சுழியமாகாததால் தொட வழியில்லை. எதிர்ப்பக்கச் சுற்றுகள் கீழே இதேபோல் ஓடுகின்றன. இரண்டுக்கும் நடுவே, 4gL என்ற கணக்கில் வரும் கோடு ஒரு கண்ணின் வடிவம்: மேலிமை, கீழிமை, −180-இலும் 180-இலும் இரு கடைக்கண்கள். இதன் சமன்பாடு மட்டும் அதிசயமாக எளிமையானது:

ω = ±2√(g/L) cos(θ/2)

இதைப் பிரிகோடு என்று அழைப்போம். கண்ணுக்குள் தொடங்கிய ஊசல் என்றும் கண்ணுக்குள்ளேயே இருக்கும், வெளியே தொடங்கியது வெளியே. ஆற்றல் மாறாத வரை இமையைத் தாண்ட முடியாது.

−180 பாகையும் 180 பாகையும் ஒரே இடம்தானே? ஆகவே தாளை இப்படிச் சுருட்டி இரு ஓரங்களையும் ஒட்டிவிடுகிறேன். இரு கடைக்கண்களும் பின்பக்கம் ஒரே புள்ளியில் சேர்ந்துவிட்டன. சுற்றும் கோடுகள் உருளையைச் சுற்றி வளையல்களாக மூடிக்கொண்டன. ஆட்டக் கோடுகளும் மூடிய வளையங்கள்தான், ஆனால் அவை உருளையைச் சுற்றி வருவதில்லை, முன்பக்கத்தில் ஒட்டிய பொட்டுகள். வளையலைப் பொட்டாக்க வேண்டுமானால் எங்காவது அறுத்தாக வேண்டும். அறுபடும் இடம் பின்பக்கத்து அந்தப் புள்ளி.

முன்வரிசையில் ஒரு மாணவி கை தூக்குகிறார். "சரியாக 6.26 கொடுத்தால் குண்டு உச்சியில் போய் நின்றுவிடும் அல்லவா, ஐயா?" நல்ல கேள்வி, அம்மா. நிற்காது, ஏனென்றால் போய்ச் சேரவே சேராது. பிரிகோட்டின் மேல், உச்சிக்கு அருகில், கோணத் திசைவேகம் என்பது மீதிக் கோணத்தின் √(g/L) மடங்கு. நம் ஊசலுக்கு 3.13 மடங்கு. உச்சிக்கு 10 பாகை மீதியிருக்கும்போது வேகம் வினாடிக்கு 31 பாகை. 1 பாகை மீதி என்றால் 3.1. பத்தில் ஒரு பாகை என்றால் 0.31. போக வேண்டிய தூரம் பத்தில் ஒன்றாகும்போது வேகமும் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. மீதியைப் பத்தில் ஒன்றாக்க ஒவ்வொரு முறையும் அதே 0.74 வினாடி. முக்கால் வினாடி, முக்கால் வினாடி என்று முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். உச்சியில் அசையாமல் நிற்கும் குண்டு தனி நிலை, அது தானாகவே ஒரு புள்ளி. இமைக்கோடு அதை நெருங்கும், தொடாது. இரண்டு வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது என்ற விதி இதனால்தான் இங்கே உடையவில்லை.

இது அலைவு நேரத்திலும் தெரியும். 10 பாகை ஆட்டத்துக்கு 2.01 வினாடி. 90 பாகைக்கு 2.37, அவ்வளவுதான். 170-க்கு 4.9. 179-க்கு 7.8. 179.9-க்கு 10.8. கடைசி 0.9 பாகைக்கு ஏறத்தாழ 3 வினாடி கூடுகிறது. அந்த நேரம் முழுவதும் உச்சிக்குப் பக்கத்தில் தவழ்வதிலேயே செலவாகிறது.

கயிற்றை ஏன் வேண்டாம் என்றேன் என்று இப்போது சொல்கிறேன். கயிறு இழுக்கும், தள்ளாது. அடியில் 6.5 மீட்டர் வேகம் கொடுத்தால் கம்பி ஊசல் வினாடிக்கு 1.75 மீட்டர் வேகத்துடன் உச்சியைத் தாண்டிவிடும். அதே வேகத்தில் கயிற்று ஊசல் 140 பாகையில் தொய்ந்துபோய், குண்டு எறிந்த கல்லைப்போல் விழும். கயிற்றுக்கு முழுச்சுற்று வேண்டுமானால் v₀² = 5gL, அதாவது 7 மீட்டர் வேகம் தேவை. குண்டை 90 பாகை வரை மட்டும் ஏற்றும் 4.43-க்கும் இந்த 7-க்கும் நடுவே கயிறு எங்காவது தொய்யும். நான் வரைந்த படம் அங்கே செல்லாது. சங்கிலி ஊஞ்சலில் முழுச்சுற்று அடிக்க முயல வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். எஸ்தோனியா நாட்டில் கீகிங் என்றொரு விளையாட்டு உண்டு. ஊஞ்சலில் நின்றபடி உந்தி உந்தி முழுச்சுற்று அடிப்பார்கள். அவர்கள் ஊஞ்சலில் சங்கிலி இல்லை, எஃகுத் தண்டுதான்.

கணினியில் இதை எழுதிப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாணவனாக இருந்தபோது நான் எழுதிய முதல் நிரலில், 90 பாகையில் அசையாமல் விட்ட ஊசல், உராய்வே இல்லாமல், கொஞ்ச நேரத்தில் தானாகச் சுற்றத் தொடங்கியது! புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு மாலை முழுவதும் மிதந்தேன். ஆய்லர் முறையில் பழைய வேகத்தை வைத்துக் கோணத்தையும், பழைய கோணத்தை வைத்து வேகத்தையும் மாற்றியிருந்தேன். அப்படிச் செய்தால் ஆற்றல் துளித்துளியாகப் பெருகும். 0.01 வினாடிப் படியில் நம் 1 மீட்டர் ஊசல் அரை நிமிடம் ஆவதற்குள் பிரிகோட்டைத் தாண்டிவிடும். மருந்து, வேகத்தை முதலில் மாற்றி, அந்தப் புதிய வேகத்தால் கோணத்தை நகர்த்துவது:

```
w = w - (g/L)*sin(theta)*dt
theta = theta + w*dt
```

இப்போது ஆற்றல் சற்றே ஏறி இறங்கும், ஆனால் ஒரே பக்கமாக வழுவாது. நோயைக் கண்டுபிடிக்கும் வழியும் எளிது. ஒவ்வொரு படியிலும் மொத்த ஆற்றலைக் கணக்கிட்டு அச்சிடுங்கள். ஆனால் பிரிகோட்டை மிக நெருங்கித் தொடங்கினால் அந்தச் சிறு ஏற்ற இறக்கமே ஆட்டத்தைச் சுற்றாக்கிவிடக்கூடும். அங்கே படியை இன்னும் சிறிதாக்கி மறுபடி ஓட்டிப் பார்க்காமல் விடையை நம்பக் கூடாது.

மறுபடி சக்கரத்துக்கு வருகிறேன். இதில் உராய்வு இருப்பதால் புள்ளி ஒரே கோட்டில் நிற்காமல், வெளி அலைகளிலிருந்து படிப்படியாக இறங்கி, ஒரே ஒரு முறை இமையைக் கடந்து, கண்ணுக்குள் சுருண்டு நடுவே போய் அடங்குகிறது. கைபேசியில் நேரம் எடுக்க யாராவது இருவர் மேடைக்கு வாருங்கள். நான் சுழற்றிவிடுகிறேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆகும் நேரத்தைக் குறியுங்கள், சுற்று நின்ற பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆகும் நேரத்தைக் குறியுங்கள். சுற்றுகள் நீண்டுகொண்டே போய், தயங்கும் இடத்தில் மிக நீண்டு, அதன் பிறகு ஆட்டங்கள் சுருங்கிக்கொண்டே வர வேண்டும். முதல் ஆட்டம்தான் எல்லாவற்றிலும் மெதுவானதாக இருக்கும். தயாரா? விடுகிறேன்.