விலை நகராமலே டெல்டா நகருவது ஏன்?

கேள்வி: சார், கால் ஆப்ஷன் வித்துட்டு, பங்கு வாங்கி டெல்டாவை நியூட்ரல் பண்ணி வச்சேன். விலை அங்கேயேதான் நிக்குது, ஆனா டெல்டா மாறிடுச்சு. வன்னா, சார்ம்னு சொல்றாங்களே, அதுவா?

அதேதாங்க. ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான். டெல்டா கணக்குல, ஸ்ட்ரைக் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு வெறும் புள்ளியில அளக்கிறதில்லை. மீதி நாளுக்குள்ள விலை வழக்கமா எவ்வளவு ஆடும், அதாவது `σ√T`, அதை அளவுகோலா வச்சுத்தான் அளக்கிறோம். வோலட்டிலிட்டி ஏறினா அந்த அளவுகோல் நீளும், ஸ்ட்ரைக் கிட்ட வந்த மாதிரி ஆயிடும். இதனால டெல்டா மாறுறதுதான் வன்னா. நாள் கரைய கரைய அளவுகோல் சுருங்கும், ஸ்ட்ரைக் எட்டாத தூரத்துக்குப் போயிடும். அது சார்ம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பங்கு விலை 100, ஸ்ட்ரைக் 105, 30 நாள் இருக்கு, வோலட்டிலிட்டி 20 சதவீதம், வட்டி பூஜ்யம்னு வச்சுக்கோங்க. டெல்டா 0.21 வரும். 1000 பங்குக்கான கால் வித்திருந்தா, 210 பங்கு வாங்கி வச்சிருப்பீங்க. விலை 100லயே நிக்கட்டும். 7 நாள் மீதி இருக்கும்போது டெல்டா வெறும் 0.04. தேவை 40 பங்குதான், மிச்சம் 170 பங்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாம உங்க கையில கிடக்கு. விலை சரிஞ்சா அந்த அடி முழுசா உங்களுக்குத்தான்.

இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. முதல் நாள் ஸ்கிரீன்ல சார்ம் ஒரு நாளைக்கு மைனஸ் 0.0042ன்னு காட்டும். அதை 23 நாளால பெருக்கினா டெல்டா 0.11க்கு வரணும். வந்ததோ 0.04. ஏன்னா சார்மும் ஒரே வேகத்துல ஓடாது. முதல் வாரம் டெல்டா 0.21ல இருந்து 0.17க்குத்தான் இறங்குது, மூணாவது வாரம் 0.13ல இருந்து 0.06க்குப் போயிடுது.

இப்ப வன்னா. அதே முதல் நாள், வோலட்டிலிட்டி மட்டும் 30க்கு ஏறினா டெல்டா 0.30. உங்ககிட்ட 90 பங்கு குறையுது. ஸ்ட்ரைக் 95ஆ இருந்தா எல்லாம் தலைகீழ்: நாள் போகப் போக டெல்டா 0.82ல இருந்து 0.97க்கு ஏறும், வோலட்டிலிட்டி ஏறினா 0.74க்கு இறங்கும்.

இன்னொண்ணு, பங்குச் சந்தையில விலை விழும்போது பெரும்பாலும் வோலட்டிலிட்டி ஏறும். உங்க 105 காலுக்கு, விலை விழுந்ததால காமா டெல்டாவைக் குறைக்கும், வன்னா அதையே கொஞ்சம் தூக்கும். அதனால பழைய வோலட்டிலிட்டியை வச்சே கணக்கு போட்டா, தேவைக்கு மேல பங்கை வித்துடுவீங்க.

சில சாஃப்ட்வேர்ல சார்மோட குறி மாறி வரும். ஸ்ட்ரைக் விலைக்கு மேல இருக்கிற கால் ஒண்ணை எடுத்துப் பாருங்க. நாள் போனா அதோட டெல்டா குறையணும். வார விடுமுறைக்கு முன்னாடி, கால்குலேட்டர்ல அடுத்த வர்த்தக நாள் தேதியைப் போட்டு, விலையையும் வோலட்டிலிட்டியையும் மாத்தாம டெல்டாவைப் புதுசா எடுங்க. இன்னைக்கு இருக்கிற டெல்டாவுக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசத்தை 1000ஆல பெருக்கினா, சார்மால மட்டும் மிஞ்சப்போற பங்கு எத்தனைன்னு முன்கூட்டியே தெரிஞ்சிடும்.