பெரிய கடை சொல்லாமல் விட்டது
(கிளிநொச்சியில் சிறு வணிகர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். பரந்தன் பக்கம் தண்ணீர்ப் பம்ப் விற்று, திருத்தியும் கொடுக்கிற ஒரு சின்னக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ரவுனில் பெரிய ஷோரூம் ஒன்று இருக்கிறது. விலையில் அதோடு மோதினால் சின்னக் கடைதான் தோற்கும். அதனால் அந்த ஷோரூம் எதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு கொப்பியில் நான்கு கோடு போடுங்கள்: எங்கே பார்த்தேன், யாருக்குச் சொல்கிறார்கள், என்ன வாக்குறுதி, அதற்கு என்ன ஆதாரம். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்வதையும், மதிலில் கட்டிய பனரையும், நோட்டீஸையும் சொன்னபடியே எழுதுங்கள். பேஸ்புக் விளம்பரங்களை facebook.com/ads/library என்ற பக்கத்தில் கடையின் பெயரைப் போட்டுத் தேடலாம். எப்போது தொடங்கியது என்ற திகதியும் அங்கே இருக்கும். நீண்ட நாளாக ஓடுகிற விளம்பரம் பெரும்பாலும் அவர்களுக்கு ஆள் கொண்டுவருகிற விளம்பரம். நிறுத்திவிட்டால் சாதாரண விளம்பரம் அந்தப் பக்கத்தில் தெரியாது, ஆகவே உடனே படம் எடுத்து வையுங்கள். ஒரு கிழமை மட்டும் பார்ப்பது போதாது. காலபோகத்தில் சொல்வதும் சிறுபோகத்தில் சொல்வதும் வேறு.

நம் கடைக்காரர் பன்னிரண்டு விளம்பரம் சேர்த்தார் என்று வைப்போம். ஏழில் விலைக்கழிவு, மூன்றில் தவணை, இரண்டில் ஒரு வருட உத்தரவாதம். பம்ப் இடையில் நின்றால் என்ன செய்வது என்று ஒன்றிலும் இல்லை. ஆனால் இதை உடனே இடைவெளி என்று எடுத்துவிடக் கூடாது. யாரும் கேட்காததால்கூட அவர்கள் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அதனால் இரண்டு இடத்தில் விசாரிக்க வேண்டும். முதலில், ஷோரூமுக்கே போன் எடுத்து, "அண்ணை, பம்ப் பழுதானா எத்தனை நாளிலை தருவீங்கள்?" என்று கேளுங்கள். "கொழும்புக்கு அனுப்பவேணும், இரண்டு கிழமை போகும்" என்று பதில் வந்தால், உத்தரவாதம் இருந்தும் தோட்டக்காரனுக்கு அந்த இரண்டு கிழமையும் தண்ணீர் இல்லை. அடுத்து, திருத்த வருகிறவர்களிடம், போன முறை பழுதானபோது என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். "பக்கத்துக் காணிக்காரனிட்டை வாடகைக்கு எடுத்தனான், மிளகாய்க்கன்று பாதி வாடிப்போச்சு" என்ற மாதிரிப் பதில் பலரிடம் வந்தால் அதுதான் உண்மையான இடைவெளி.

இனி, திருத்தித் தரும்வரை மாற்றுப் பம்ப் கொடுக்க நம்மால் முடியுமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். மாற்றுப் பம்ப் இரண்டு கையில் இருந்தால், மூன்றாவது ஆள் வரும் நாளில் வாக்கு உடையும். ஊரில் எல்லாருக்கும் என்று சொல்லாமல் இப்படி எழுதுங்கள்: "எங்களிடம் வாங்கிய பம்ப் பழுதானால், திருத்தித் தரும்வரை மாற்றுப் பம்ப் இலவசம். முன்கூட்டிப் போன் எடுங்கள்." "அன்பான சேவை" என்று எழுதாதீர்கள், அதை எல்லாரும் எழுதுகிறார்கள்.

ஷோரூமும் நாளை இதையே சொல்லலாம். சொன்னாலும் பழுது பார்ப்பவர் அங்கேயே இருந்தால்தான் அவர்களால் செய்ய முடியும். ஆகவே புது விளம்பரம் போட்ட பிறகும் கொப்பியை மூடவேண்டாம். கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் "எதைப் பார்த்து வந்தனீங்கள்?" என்று கேட்டு, அந்தப் பதிலையும் அதிலேயே எழுதி வாருங்கள்.