எத்தனை மரங்கள் தேவை?

(வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். நேரடியாக ஒரு வினாவிலிருந்தே தொடங்குகிறேன். கையில் தாள் இருந்தால் விடையை எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டாம்.

"100 மீட்டர் நீளமுள்ள சாலையோரம் 10 மீட்டர் இடைவெளியில் மரங்கள் நடப்படுகின்றன. எத்தனை மரங்கள் தேவை?"

விடைக்குறிப்பில் 11 என்று இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு மரம், பிறகு பத்துப் பத்து மீட்டருக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டே போனால் சாலை முடியும் இடத்தில் பதினோராவது மரம் நிற்கும். ஆனால் சாலை தொடங்கும் இடத்தில் மரம் உண்டு என்று வினா எங்கே சொன்னது? அங்கே மரம் இல்லாமல் முடிவில் மட்டும் இருந்தால் 10. இரண்டு முனைகளிலும் இல்லை என்றால் 9. சாலையோரம் என்றால் ஒரு பக்கமா, இரு பக்கமுமா? சாலைக்கு இரண்டு ஓரங்கள் இருப்பதை நினைவில் வைத்திருக்கும் மாணவன் 22 என்று எழுதுவான். அவன் கணக்கில் என்ன குறை? 20, 18 என்று எழுதியவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆக, ஒரு மதிப்பெண் வினாவுக்கு ஆறு விடைகள்.

இந்த வினாவை எழுதியவர் திறமையற்றவர் அல்லர். அவர் மனத்தில் ஒரு படம் இருந்தது. நேரான சாலை, ஒரு பக்கம் மட்டும் மரங்கள், இரு முனைகளிலும் மரம். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே எழுதியதால் வாக்கியத்தில் எதுவும் விடுபட்டதாக அவருக்குத் தெரியவில்லை. மாணவனிடம் இருப்பதோ வாக்கியம் மட்டும்தான்.

திருத்தி எழுதுவோம். "100 மீட்டர் நீளமுள்ள நேரான சாலையின் ஒரு பக்கத்தில் மட்டும் மரங்கள் நடப்படுகின்றன. சாலை தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மரம் இருக்க வேண்டும். அடுத்தடுத்த மரங்களுக்கு இடையே 10 மீட்டர் தூரம் இருக்க வேண்டும். மொத்தம் எத்தனை மரங்கள் தேவை?"

உடனே ஒரு மறுப்பு எழும்: "இவ்வளவும் சொல்லிவிட்டால் வினாவில் என்ன மிச்சம்? முனையில் மரம் உண்டு என்று சொல்வது விடையையே சொல்வது ஆகாதா?" ஆகாது. 100-ஐ 10-ஆல் வகுத்தால் கிடைப்பது இடைவெளிகளின் எண்ணிக்கை. மரங்கள் அதைவிட ஒன்று அதிகம் என்பதை மாணவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாம் சோதிக்க நினைத்தது அந்த ஒரு படியைத்தானே? அது அப்படியே மறைந்துதான் இருக்கிறது. சிந்தனையின் படியை மறைக்கலாம். நிபந்தனையை மறைக்கக் கூடாது. நிபந்தனையை ஊகித்து எழுதச் சொன்னால் நாம் சோதிப்பது கணக்கறிவை அல்ல, ஆசிரியரின் மனத்தைப் படிக்கும் திறமையை. அது சோதிடத் தேர்வுக்குப் பொருந்தும்.

எண்கள் வரும் வினாக்களில் இன்னோர் இடமும் அடிக்கடி வழுக்கும். "வட்டி விகிதம் 10 சதவீதமாக இருந்தது. அது 5 சதவீதம் உயர்ந்தால் புதிய விகிதம் என்ன?" பத்துடன் ஐந்தைக் கூட்டினால் 15. பத்தில் ஐந்து சதவீதத்தைக் கூட்டினால் 10.5. முதலாவதுதான் வேண்டும் என்றால் "5 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தால்" என்று எழுதுங்கள். இரண்டாவது வேண்டும் என்றால் "முன்பிருந்த விகிதத்தின் மதிப்பில் 5 சதவீதம் கூடினால்" என்று எழுதுங்கள்.

இனி எண்ணே இல்லாத வினா ஒன்று. சரியா, தவறா? "எல்லாப் பறவைகளும் பறப்பதில்லை." தீக்கோழியையும் பென்குயினையும் நினைத்தவர் 'சரி' என்பார். 'பறவை எதுவுமே பறப்பதில்லை' என்று படித்தவர் 'தவறு' என்பார். நாள்தோறும் நாம் பேசும் தமிழில் இந்த இரண்டு பொருளும் உண்டு. "எல்லாரும் வரவில்லை" என்றால் அரங்கம் காலியா, பாதி நிரம்பியதா என்று குரலை வைத்துத்தான் கண்டுகொள்கிறோம். அச்சிட்ட தாளுக்குக் குரல் கிடையாது. எனவே 'எல்லா' என்ற சொல்லையும் எதிர்மறை வினையையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்காதீர்கள். "பறக்க இயலாத பறவைகளும் உண்டு" அல்லது "எந்தப் பறவையாலும் பறக்க இயலாது". எது வேண்டுமோ அதை எழுதுங்கள்.

விரிவான விடை கேட்கும் வினாக்களில் சிக்கல் வேறு மாதிரி. "இலைகள் ஏன் பச்சையாக இருக்கின்றன?" 'பச்சையம் இருப்பதால்' என்பது ஒரு விடை. 'பச்சையம் நீலம், சிவப்பு ஒளியை அதிகம் உறிஞ்சுகிறது, பச்சையை அந்த அளவுக்கு உறிஞ்சுவதில்லை. அது பிரதிபலித்து நம் கண்ணுக்கு வருகிறது' என்பது இன்னொன்று. 'ஒளிச்சேர்க்கைக்காக' என்று எழுதுபவரும் உண்டு. 'ஏன்' என்ற ஒரே சொல் காரணப்பொருளையும் செயல்முறையையும் பயனையும் சேர்த்துக் கேட்கிறது. ஒரு மதிப்பெண்ணுக்கு என்றால் "இலைக்குப் பச்சை நிறம் தரும் நிறமியின் பெயரை எழுதுக". இரண்டு மதிப்பெண்ணுக்கு என்றால் "பச்சையம் ஒளியின் எந்த நிறங்களை அதிகம் உறிஞ்சுகிறது? அதனால் இலை பச்சையாகத் தெரிவது எப்படி?" விடைத்தாள் திருத்துபவருக்கும் இதனால் நிம்மதி.

வழு இருப்பது தேர்வு முடிந்த பிறகும் தெரியும். மொத்த மதிப்பெண் வரிசையில் முதல் 27 சதவீத மாணவர்களையும் கடைசி 27 சதவீத மாணவர்களையும் பிரித்து, ஒவ்வொரு வினாவிலும் அவர்கள் எதைத் தேர்ந்தார்கள் என்று ஒப்பிடுவது பழைய முறை. அந்த 27 என்ற அளவை ட்ரூமன் கெல்லி 1939-இல் முன்வைத்தார். நம் மர வினாவையே கொள்குறி வினாவாக்கி 10, 11, 20, 22 என்று நான்கு விடைகள் தந்து, நூறு பேர் எழுதியதாக வைத்துக்கொள்வோம். கடைசி 27 பேரில் 17 பேர் 10-ஐத் தேர்கிறார்கள், வெறுமனே வகுத்துவிட்டார்கள். முதல் 27 பேரில் 13 பேர் 11, 12 பேர் 22. இந்த 12-ஐத்தான் கவனிக்க வேண்டும். கடினமான ஆனால் தெளிவான வினாவில் தவறான விடை கீழ்வரிசையைத்தான் இழுக்கும். மேல்வரிசை இரண்டாகப் பிளந்து நின்றால் குறை மாணவரிடம் இல்லை. வினாவிலோ விடைக்குறிப்பிலோ இருக்கிறது. 22-க்கு வந்தவர் 11-ஐக் கடந்துதான் வந்திருக்கிறார்.

ஆனால் இந்த முறை எல்லாவற்றையும் காட்டிவிடாது. 10-ஐத் தேர்ந்தவர் அவசரத்தில் வகுத்தவரா, தொடக்கத்தில் மரம் இல்லை என்று நியாயமாகவே எண்ணியவரா என்பதை எண்ணிக்கை சொல்லாது. இருவரும் ஒரே கட்டத்தைத்தான் நிரப்பியிருப்பார்கள். சிறிய வகுப்பில் 27 சதவீதம் என்பது ஏழெட்டுப் பேர்தான். ஒருவர் மாறினாலே முடிவு தலைகீழாகும். அதனால் அச்சுக்கு அனுப்பும் முன்பே, விடைக்குறிப்பைக் காட்டாமல், அந்தப் பாடம் தெரிந்த ஒருவரிடம் தாளைக் கொடுத்து எழுத வையுங்கள். 'தெளிவாக இருக்கிறதா?' என்று கேட்காதீர்கள். எல்லாரும் 'இருக்கிறது' என்றுதான் சொல்வார்கள். அவருடைய விடை குறிப்போடு ஒத்துப்போகாவிட்டால், உங்கள் வினாவை விளக்கப் புறப்படாமல் அவர் எப்படிப் படித்தார் என்று கேளுங்கள்.

வழுவுள்ள வினா அச்சாகிவிட்டால் மதிப்பெண்ணை என்ன செய்வது? எல்லாருக்கும் முழு மதிப்பெண் என்று அறிவிப்பது எளிது. ஆனால் எதையும் யோசிக்காதவருக்கும் அது போய்ச் சேரும். செய்முறை எழுதச் சொல்லியிருந்தால் தாளைப் புரட்டிப் பார்த்து, தான் கொண்ட நிபந்தனைக்கு ஏற்பச் சரியாகக் கணக்கிட்ட எல்லாருக்கும் மதிப்பெண் கொடுக்கலாம். கொள்குறி வினாவில் அதற்கு வழியில்லை. அங்கே 11, 22 இரண்டையும் ஏற்றுக்கொண்டாலும், நியாயமாக 10 என்று எழுதியவருக்கு மதிப்பெண் போகாது. அதனால் அந்த வினாவை நீக்கிவிட்டு மற்ற வினாக்களைக் கொண்டு மதிப்பிடுவதையே நான் விரும்புவேன்.