பத்து நிமிடத்தில் இரண்டு கோடு

வணக்கம். நான் ஓர் உடற்கல்வி ஆசிரியர். மைதானத்தில் கத்திப் பழகிய குரல், கொஞ்சம் சத்தமாக இருந்தால் வானொலியின் ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஹாக்கி பீரியடில், விசிலை ஒரு மாணவனிடம் கொடுத்துவிட்டு ஓரமாக நின்று ஒரே ஒரு பெண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக ஆடுபவள் என்று சொல்ல முடியாது, ஆடத் தெரியாதவளும் இல்லை, இடது ஓரத்தில் நில் என்றால் அங்கேயே நிற்கிற பிள்ளை. பந்து அவள் மட்டையில் படும் ஒவ்வொரு தடவையும் தாளில் ஒரு கோடு போடுவது என்று வைத்துக்கொண்டேன். பத்து நிமிடம் ஆனது, தாளில் இரண்டு கோடு. அதிலும் ஒன்று, வெளியே போன பந்தை எடுத்து உள்ளே தள்ளிவிட்டது.

அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முழு ஹாக்கி மைதானம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். அதில் 22 பேருக்கு ஒரு பந்து. பந்து எல்லாருக்கும் சமமாகக் கிடைத்தால்கூட ஆளுக்கு 22-ல் ஒரு பங்குதான், சமமாகவா கிடைக்கிறது? மட்டையை நன்றாகப் பிடிக்கத் தெரிந்த நாலைந்து பேர் நடுவில் ஆடுகிறார்கள், மற்றவர்கள் ஓடுகிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் இப்போது நான் முழு ஆட்டத்தையே வகுப்பில் வைப்பதில்லை. 24 பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வையுங்கள். மைதானத்தின் நடுக்கோட்டுக்கும், முனையிலிருந்து 23 மீட்டரில் போட்டிருக்கிற கோட்டுக்கும் இடையே ஒரு பட்டை இருக்கிறது இல்லையா, அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். குறுக்கே 55 மீட்டர். தலா 15 மீட்டர் அகலத்தில் மூன்று சின்ன களம், நடுவில் 5 மீட்டர் இடைவெளி இரண்டு, கணக்கு அப்படியே சரியாக உட்காரும். இரண்டு பக்கமும் கோடு ஏற்கெனவே இருப்பதால் ஓரங்களுக்கு மட்டும் கோன் வைத்தால் போதும். நான்கு பேர் கொண்ட ஆறு அணிகள், மூன்று பந்து, ஒரே நேரத்தில் 24 பேரும் ஆடுகிறார்கள். கோல்கீப்பர் கிடையாது, ஏனென்றால் கோல்கீப்பர் என்றால் பாதி நேரம் சும்மா நிற்கிற ஒரு பிள்ளை. மட்டையை ஓங்கி அடிக்கிற ஹிட் கிடையாது, மட்டையைப் பந்தோடு ஒட்டித் தள்ளுகிற புஷ் மட்டும்தான், பந்து தரையை விட்டு எழும்பினால் எதிரணிக்குப் போய்விடும். பக்கத்துப் பக்கத்தில் மூன்று களம் இருக்கும்போது இந்த விதியில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

சரி, ஆள் எண்ணிக்கையைக் குறைத்தாயிற்று, வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். முதல் நாள் ஒவ்வொரு களத்திலும் இரண்டு முனையிலும் நடுவில் ஒரு கோல் வைத்தேன். மறுபடியும் அதே பெண்ணுக்குக் கோடு போட்டேன். ஐந்து. என்ன நடந்தது என்றால், கோல் நடுவில் இருப்பதால் பந்து நடுவிலேயே சுற்றுகிறது, பந்தைச் சுற்றி ஆறு பேர் தேனீக்கூட்டம் போல மொய்க்கிறார்கள், ஆறு மட்டையும் ஒரே இடத்தில் மோதிக்கொள்கின்றன. பெரிய மைதானத்தில் இருந்த அதே ஆட்டம், சின்ன இடத்தில் இன்னும் நெருக்கமாக.

மாற்றியது கோலைத்தான். ஒவ்வொரு முனைக்கோட்டிலும் ஒரு கோலுக்குப் பதிலாக, இரண்டு மூலையையும் ஒட்டி, 2 மீட்டர் அகலத்தில் இரண்டு வாசல். வாசல் வழியாகப் பந்தை அடித்துவிட்டால் புள்ளி இல்லை. வாசலுக்குப் பின்னால் தன் அணி ஆள் ஒருவர் போய் நின்று அந்தப் பாஸை மட்டையால் நிறுத்தினால்தான் புள்ளி. இப்போது என்ன ஆகிறது பாருங்கள்: ஒரு வாசலை மூடினால் மற்றது திறந்து கிடக்கிறது, அதனால் கூட்டம் தானாகவே உடைகிறது. தனியாக எல்லாரையும் தாண்டிப் போகிற பையனாலும் தனியாகப் புள்ளி எடுக்க முடியாது, பாஸ் வாங்க ஒருவர் வேண்டும். ஓரமாக நிற்கிற பழக்கமுள்ள பிள்ளை சரியான இடத்தில் நிற்கிற பிள்ளையாகிவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குப் பதினேழு கோடு விழுந்தது.

இந்த இடத்தில் பலர் செய்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும், நானும் செய்திருக்கிறேன். ‘புள்ளி எடுப்பதற்கு முன் அணியில் எல்லாரும் பந்தைத் தொட்டிருக்க வேண்டும்’ என்று ஒரு விதி. கேட்க நியாயமாக இருக்கும். களத்தில், கடைசியாகத் தொட வேண்டியவர் யார் என்று எதிரணிக்குத் தெரிந்துவிடும், மூன்று பேர் போய் அவரை மறித்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால், அணிக்காரரே பக்கத்தில் வந்து அரை மீட்டருக்குத் தட்டிக்கொடுத்து, தொட்டாயிற்று என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார். பந்து நழுவினால் திட்டும் அந்தப் பிள்ளைக்குத்தான். அதைவிட, இதுவரை வாசலுக்குப் பின்னால் பந்தை நிறுத்தாத ஒருவர் நிறுத்தினால் இரண்டு புள்ளி என்று வையுங்கள். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் அணியே அந்த ஆளைத் தேட ஆரம்பிக்கும்.

அப்புறம், வீணாகும் நேரம். சின்ன களத்தில் பந்து அடிக்கடி வெளியே போகும், ஒவ்வொரு தடவையும் ஒருவர் ஓடி எடுத்துவர, மற்ற ஏழு பேர் மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்பார்கள். ஒவ்வொரு முனையிலும் இரண்டு மூன்று பந்து உபரியாக வைத்துவிடுங்கள். வெளியே போனதை யாரும் துரத்த வேண்டாம், பக்கத்துக் களத்துக்குள் போனதைக் கண்டிப்பாகத் துரத்தக் கூடாது, புதுப் பந்தை வைத்து உடனே தொடங்கலாம். தொடங்குகிறவர் வேறு யாருக்கும் கொடுக்கக் காத்திருக்காமல் தானே உருட்டிக்கொண்டு போகலாம். இந்தச் செல்ஃப் பாஸ் 2009 முதல் சர்வதேச விதியிலேயே இருப்பதுதான். எதிராளி 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பதை மட்டும் இந்தச் சின்ன இடத்துக்காக 3 மீட்டராக்கிவிடுகிறேன். காலில் பட்டால்? எதுவும் லாபம் கிடைக்காதவரை விசில் வேண்டாம், ஆட்டம் ஓடட்டும்.

களத்தின் அளவு சரியா என்பதை ஆட்டமே காட்டிக்கொடுக்கும். பாஸ் இரண்டு தொடர்ந்து போக மாட்டேன் என்கிறது, மட்டைச் சத்தம்தான் கேட்கிறது என்றால் இடம் போதவில்லை, கோனை 3 மீட்டர் தள்ளுங்கள். வேகமாக ஓடுகிற ஒருவரே பந்தைத் தள்ளிவிட்டுத் துரத்திப் போய் எல்லாரையும் தாண்டுகிறார் என்றால் இடம் அதிகம். கரடுமுரடான தரையில் பந்து துள்ளி, நிறுத்தவே முடியாமல் தடுமாறினால், கோனை எங்கே வைத்தாலும் பயனில்லை, கொஞ்சம் பெரிய, மெதுவான பந்துக்கு மாறிவிடுங்கள்.

நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை விசில். ஜெயித்த அணி ஒரு களம் வலதுபக்கம், தோற்ற அணி இடதுபக்கம், வலது கோடிக் களத்தில் ஜெயித்தவர்களும் இடது கோடிக் களத்தில் தோற்றவர்களும் அங்கேயே. மூன்று சுற்று போனால் ஏறக்குறைய சம பலமுள்ள அணிகள் எதிரெதிரே வந்துவிடும். இதில் ஒரு ஓட்டை உண்டு: அணிக்கு அணி சமமாகும், அணிக்குள்ளே இருக்கிற ஏற்றத்தாழ்வு அப்படியேதான் இருக்கும். அதனால்தான் கோடு போடுவதை நான் விடவில்லை. எல்லாரையும் எண்ண முடியாது, வகுப்புக்கு மூன்று பேர், ஒரு நல்ல ஆட்டக்காரர், ஒரு நடுத்தரம், பேர் சொல்லிக் கூப்பிடவே மறந்துபோகிற ஒரு பிள்ளை. ஆளுக்கு நான்கு நிமிடம். மூன்றாவது ஆளின் கோடுகள் ஏறாமல் முதல் ஆளுடையது மட்டும் ஏறினால் விதியை மாற்ற வேண்டும்.

25 பேர் வந்துவிட்டால் அந்த ஒருவரை வெளியே உட்காரவைக்காதீர்கள். ஒரு களத்தில், பந்து எந்த அணியிடம் இருக்கிறதோ அந்த அணிக்காக ஆடுகிறவராக விடுங்கள், நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். அவருக்கு மற்ற எல்லாரையும்விட அதிகக் கோடு விழும், அதனால் முதலில் யாரை அந்த இடத்தில் விடுவது என்று யோசித்து விடுங்கள்.