சோனார் என்று பொறித்த ஜூபிடர்: போட்டோவிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: "அண்ணா, லைக்கா திருகு மவுண்டில் கார்ல் சைஸ் யேனா சோனார் 5 செ.மீ., எஃப் 1.5 லென்ஸ் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. விற்பவர் நாலு போட்டோ அனுப்பினார். முன் ரிங்கில் சிவப்பு டி எழுத்து இருக்கிறது, கண்ணாடி ஊதாவாக மின்னுகிறது, நம்பர் 15 லட்சத்தில் தொடங்குகிறது. ஒரிஜினல்தானா?"

இல்லை. நீங்கள் சொன்ன விஷயங்களே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, அதிலேயே பதில் இருக்கிறது.

முதலில் மவுண்டைப் பாருங்கள். சோனார் எஃப் 1.5 லென்ஸை லுட்விக் பெர்டெலே சைஸுக்காக வடிவமைத்தார், 1932-ல் காண்டாக்ஸ் கேமராவுக்காக வெளிவந்தது. காண்டாக்ஸில் 5 செ.மீ. லென்ஸுக்கு ஃபோகஸ் செய்யும் திருகு கேமராவிலேயே இருக்கும், அதனால் அந்த மவுண்டில் வந்த ஒரிஜினல் சோனாருக்குத் தனியாக மீட்டர் அளவு போட்ட ஃபோகஸ் ரிங் கிடையாது. லைக்கா திருகில் சைஸ் செய்தது கொஞ்சம்தான், அதுவும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில். ஆக லைக்கா திருகில் சோனார் என்று பார்த்தாலே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். போர் முடிந்ததும் சோவியத் ஒன்றியம் யேனாவிலிருந்து கொண்டுபோன வடிவமைப்பையும் கண்ணாடியையும் வைத்து அதே சோனாரைத்தான் செய்ய ஆரம்பித்தது, அதுதான் பின்னாளில் ஜூபிடர்-3. அது இதே திருகில் ஏராளமாகக் கிடைக்கிறது. முன் ரிங்கை மட்டும் கழற்றி, பழைய எழுத்தைத் தேய்த்துவிட்டு அல்லது புதிதாக ஒரு ரிங் கடைந்து, மேலே சைஸ் என்று பொறித்தால் வேலை முடிந்தது.

அதனால் நான் எப்போதும் பெயர் ரிங்கைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பக்கவாட்டுப் போட்டோவை எடுத்து, பக்கத்தில் ஒரு சாதாரண ஜூபிடர்-3 போட்டோவை வைத்துப் பார்க்க வேண்டும். விரல் பிடிக்கும் சொரசொரப்பு வளையத்தின் வெட்டு, சின்னத் திருகாணிகள் இருக்கும் இடம், மீட்டர் எண்களின் எழுத்து வடிவம், பின்பக்கம் ரேஞ்ச்ஃபைண்டரைத் தள்ளும் வளையம், இதெல்லாம் அப்படியே பொருந்தி முன் ரிங் மட்டும் வேறாக இருந்தால், மேற்கொண்டு பேசுவதற்கு எதுவும் இல்லை. அந்தப் பின்பக்கப் போட்டோவைத்தான் விற்பவர்கள் அனுப்ப மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது நம்பர். 15 லட்சத்தில் தொடங்கும் சைஸ் நம்பர் 1934 வாக்கில் வந்தது. கண்ணாடியில் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சை சைஸில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா கண்டுபிடித்து காப்புரிமை வாங்கியதே 1935-ல்தான். அந்தப் பூச்சைக் குறிக்க டி என்று சிவப்பில் போடுவது அதற்கும் பல வருடம் கழித்து. போதாக்குறைக்கு லைக்கா திருகு வேறு. போர்க்கால லென்ஸ் என்றால் நம்பர் 27, 28 லட்சம் பக்கம் இருக்க வேண்டும். உங்கள் லென்ஸில் மவுண்ட் ஒரு வருடத்தைச் சொல்கிறது, நம்பர் வேறு வருடத்தைச் சொல்கிறது, டி எழுத்தும் அந்த நம்பரை மறுக்கிறது. பொறித்தவர் ஏதோ ஒரு பழைய காண்டாக்ஸ் லென்ஸிலிருந்து நம்பரைக் காப்பி அடித்திருப்பார் என்று நினைக்கிறேன். சரியான நம்பரைப் போடும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள், அதனால் நம்பர் பொருந்தினால் மட்டும் நம்பிவிடாதீர்கள், பொருந்தவில்லை என்றால் மட்டும் அது சாட்சி.

பொறித்த விதத்தையும் பார்க்கலாம், ஆனால் போட்டோ ஏமாற்றும். பழைய ரிங்கில் எழுத்து வெட்டப்பட்டு, பெயின்ட் அந்தப் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். பக்கவாட்டில் சாய்வாக வெளிச்சம் விழுந்தால் எழுத்தின் ஒரு ஓரம் நிழலாகவும் எதிர் ஓரம் பளிச்சென்றும் தெரியும். மேலே அச்சடித்தது என்றால் அந்த நிழல் வராது. சிக்கல் என்னவென்றால், போன் கேமரா தானாகவே ஓரங்களைக் கூர்மையாக்கிக் காட்டும், வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு போட்டுவிடும், அதைப் பார்த்து ஆழமாக வெட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துவிடுவோம். அதுமாதிரி போனை ரொம்பக் கிட்ட கொண்டுபோய் எடுத்தால் ரிங் கோணலாகி, ஒரு பக்கம் எழுத்து இடைவெளி அகன்றும் மறுபக்கம் நெருங்கியும் தெரியும், ஒரிஜினலே போலி மாதிரி இருக்கும். கொஞ்சம் தள்ளி நின்று, ஜூம் போட்டு, நேராக எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் சாய்வு வெளிச்சத்தில் இன்னொன்று. ரிங்கின் கறுப்பு புதுசு போலவும் அதைச் சுற்றியுள்ள உலோகம் தேய்ந்தும் இருந்தால் அதுவும் ஒரு சந்தேகம்.

ஊதா மின்னல் விஷயத்துக்கு வருவோம். இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். சைஸின் டி பூச்சும் ஒரே அடுக்கு, ஜூபிடரின் பூச்சும் ஒரே அடுக்கு, இரண்டுமே நீலம் ஊதா பக்கம்தான் மின்னும். ஜூபிடரில் அதைக் குறிக்க ரஷ்ய 'பே' எழுத்தைச் சிவப்பில் போடுவார்கள், போலி செய்பவர் அந்த இடத்தில் டி போட்டுவிட்டால் நிறமும் பொருந்திப்போகும். சரி, பிரதிபலிப்புகளை எண்ணிப் பார்க்கலாமே என்றால் அதுவும் உதவாது. இருட்டில் ஒரே ஒரு பல்பை வைத்து முன்பக்கத்திலிருந்து சாய்த்துப் பார்த்தால், காற்றைத் தொடும் ஒவ்வொரு கண்ணாடி மேற்பரப்புக்கும் ஒரு பல்பு தெரியும். சோனார் எஃப் 1.5-ல் ஏழு கண்ணாடிகள் மூன்று தொகுதியாக ஒட்டியிருக்கின்றன, ஆக ஆறு பிரதிபலிப்பு. ஜூபிடர்-3-லும் அதே ஏழு, அதே மூன்று, அதே ஆறு. ஒரே வடிவமைப்பு, வேறு என்ன வரும்?

பிறகு எதற்குப் பார்க்க வேண்டும்? காலத்தைத் தெரிந்துகொள்ள. 1934 நம்பர் போட்ட லென்ஸில் எல்லாப் பல்பும் நிறமில்லாமல் வெள்ளையாகத் தெரிய வேண்டும், பூச்சே கிடையாதே. ஊதா என்றால் ஒன்று பிற்பாடு யாரோ பூச்சுப் போட்டிருக்க வேண்டும், அப்படிப் போட்டுக்கொண்டவர்களும் உண்டு, இல்லையென்றால் கண்ணாடியே பிற்காலத்தது. பச்சையும் சிவப்பும் கலந்து மின்னினால் அது பல அடுக்குப் பூச்சு, அது அந்தக் காலத்து லென்ஸில் இருக்க வாய்ப்பில்லை. ஒரே ஒரு பிரதிபலிப்பு மட்டும் வெள்ளையாக இருந்தால் பயப்பட வேண்டாம், முன் கண்ணாடியின் பழைய பூச்சு மென்மையானது, துடைத்துத் துடைத்தே போயிருக்கும். நிறத்தைப் பார்க்கும்போது பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். மஞ்சள் பல்பின் கீழ் போன் தானாக நிறத்தைச் சரிசெய்யப் போய், வெள்ளையையே நீலமாக்கிவிடும்.

ஜூபிடர் விலைக்குத் தந்தால் ஜூபிடராகவே வாங்கிக்கொள்ளுங்கள், லென்ஸ் நல்ல லென்ஸ்தான். ஒன்று மட்டும் பாருங்கள்: ரிங் மாற்றுவதற்காகப் பிரித்துச் சேர்த்தவர் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு வளையத்தைச் சரியாக வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபோகஸ் தள்ளிப்போகும். போதாததற்கு, ஜூபிடர்கள் லைக்கா கேமராவில் கிட்டத்தில் முழுத் திறப்பில் ஃபோகஸ் தப்புவது சகஜம். ஒரு மீட்டர் தூரத்தில் அளவுகோலைச் சாய்த்து வைத்து எஃப் 1.5-ல் எடுத்த ஒரு படத்தைக் காசு கொடுப்பதற்கு முன்னாடியே அவரிடம் கேளுங்கள்.