கைவிடப்பட்ட திட்டத்தைக் குழுவிடம் சொல்லுதல்

நண்பர்களே, ஒரு திட்டம் கைவிடப்பட்டதைக் குழுவிடம் சொல்ல வேண்டிய தலைவர்கள் பெரும்பாலும் செய்தியை எப்படி மென்மையாக்குவது என்றே யோசிக்கிறார்கள். காரணத்தை எவ்வளவு விரிவாகச் சொல்வது என்று யோசிப்பதே அதைவிட முக்கியம் என்பது என் கருத்து.

அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர் ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆலைகளில் 10 வாரங்களுக்கு ஊதியம் 15 சதவீதம் குறைக்கப்பட்டது. ஓர் ஆலையில் சுமார் ஒன்றரை மணி நேரம் கூட்டம் நடத்தி, நிதி நிலையைக் கணக்கோடு விளக்கி, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, மனம் திறந்து வருத்தமும் தெரிவித்தார்கள். மற்றதில் கால் மணி நேரத்தில் அறிவித்து முடித்துக்கொண்டார்கள். இழப்பு இரு இடத்திலும் ஒன்றுதான் என்றாலும், விளக்கம் குறைந்த ஆலையில்தான் பொருட்கள் களவு போவதும் ஊழியர்கள் விலகுவதும் மிகுதியாக இருந்தன.

எட்டுப் பேர் பல மாதங்கள் உழைத்த ஒரு மென்பொருள் திட்டம் நிறுத்தப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேருக்கு வேறு பணி உறுதியாகிவிட்டது. இருவரின் நிலை இன்னும் முடிவாகவில்லை. அந்த இருவரிடமும் முதலில் தனித்தனியே பேச வேண்டும். பிறகு அதே காலையில், வதந்தி முந்திக்கொள்வதற்குள், முழுக் குழுவையும் கூட்ட வேண்டும். அங்கே முன்னுரை நீளக்கூடாது.

“நம் திட்டம் இன்றோடு நிறுத்தப்படுகிறது. முடிவு மாறாது. இதை வாங்குவதாக இருந்த பெரிய வாடிக்கையாளர் விலகிவிட்டார். மற்றவர்களிடமிருந்து வரும் பணம் செலவில் பாதிக்குக்கூட எட்டவில்லை. உங்கள் உழைப்பில் குறை இல்லை. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது.”

உழைப்பில் குறை இல்லை என்பது உண்மையாக இருந்தால் மட்டுமே அதைச் சொல்ல வேண்டும். குழுவுக்கு உண்மை தெரிந்திருக்கும். இதற்குப் பின் வரும் மௌனத்தை நிரப்பத்தான் பலர் அவசரப்படுகிறார்கள். “இதிலும் ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது” என்று அந்த நேரத்தில் சொல்வது, தன் உழைப்பு வீணாயிற்றே என்று கலங்கி நிற்பவரின் காதில் ஏறாது. “மேலிடத்து முடிவு, நான் என்ன செய்ய?” என்று கைகழுவுவது அதைவிட மோசம். முடிவை எதிர்த்து வாதாடியிருந்தால் அதைச் சொல்லலாம். ஆனால் காரணத்தையும் சேர்த்துச் சொல்வது தலைவரின் கடமை.

முதல் கேள்வி பெரும்பாலும் “எங்கள் வேலை என்னவாகும்?” என்பதாகவே இருக்கும். முடிவாகாததை முடிவானதுபோலச் சொல்லி ஆறுதல் தேடக்கூடாது. “ஆறு பேருக்கு இடம் உறுதி. மற்ற இருவரிடமும் பேசியிருக்கிறேன், அவர்கள் நிலையை வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிப்பேன்” என்று நாளைக் குறிப்பிட வேண்டும். வெள்ளிக்கிழமை வந்தும் முடிவு வரவில்லையென்றால், வரவில்லை என்பதையாவது அன்றே தெரிவிக்க வேண்டும்.

கூட்டத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக எண்ணிவிட வேண்டாம். பலருக்குக் கேள்விகள் மறுநாள்தான் எழும். அதனால் ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் தனியாகப் பேச மறுநாளை ஒதுக்கி வைத்துவிட்டே முதல் கூட்டத்துக்குள் நுழைய வேண்டும்.