மஞ்சள் காய்ச்சல் கார்டு தொலைந்துவிட்டதா? போலி கார்டு எங்கே கொண்டுபோய் விடும், மறுபிரதி எப்படி வாங்குவது

[காட்சி: தொண்டி கடற்கரை, காலை. கரையேற்றிய படகுகள். பின்னணியில் குரல்.]

வணக்கம். ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று எந்த ஊருக்குப் போனாலும் வெளிநாட்டில் வேலை பார்க்கிற ஒருவராவது இல்லாத தெரு குறைவு. வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு இன்றைக்கு நான் பேசப்போகிற விஷயம் அவ்வளவாகத் தேவைப்படாது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல நாடுகளுக்குப் போகிறவர்களுக்கும், கப்பலில் ஏறுகிறவர்கள் பலருக்கும் இது இல்லாமல் பயணமே நடக்காது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ். நம் ஆட்கள் 'மஞ்சக் கார்டு' என்று சொல்வது.

[காட்சி: மேசை மேல் ஒரு மஞ்சள் நிறச் சிறு புத்தகம். பெயர், எண் எல்லாம் மறைக்கப்பட்டிருக்கிறது.]

ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். தொண்டிக்காரர், மீன் பதப்படுத்தும் வேலை தெரிந்தவர். 2013-இல் தூத்துக்குடியில் ஊசி போட்டுக்கொண்டு ஆப்பிரிக்கா போய்விட்டு வந்தார். இப்போது கானா நாட்டின் தேமா துறைமுகத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது. விசா வந்துவிட்டது. மாதம் 18-ஆம் தேதி விமானம். பெட்டியைத் திறந்து பார்த்தால் கார்டைக் காணோம். இன்று தேதி 2.

டிக்கெட் போட்டுக்கொடுத்த ஆளிடம் கேட்கிறார். பதில் இப்படி வருகிறது: "தம்பி, இதுக்குப் போய் தூத்துக்குடி வரைக்கும் அலையணுமா? பாஸ்போர்ட் ஜெராக்ஸ் மட்டும் வாட்ஸ்அப்ல போடுங்க. நாளைக்குச் சாயங்காலம் கார்டு கையில இருக்கும்."

அந்த 'நாளைக்குச் சாயங்காலம்' என்ற வார்த்தையில்தான் பலர் விழுகிறார்கள். அதனால் முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

[காட்சி: திரையில் எழுத்து: பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவுகள் 336, 337, 340, 341]

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அரசு ஊழியர் தன் பதவியின் பேரில் கொடுத்தது போன்ற ஒரு சான்றிதழைப் பொய்யாகத் தயாரித்தால் பிரிவு 337. ஏழு ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். ஏமாற்றும் நோக்கத்தோடு செய்த போலி ஆவணத்துக்குப் பிரிவு 336-இலும் ஏழு ஆண்டு வரை உண்டு. போலி முத்திரை செய்வதற்கும், அதற்காக வைத்திருப்பதற்கும் தனியாகப் பிரிவு 341.

'கார்டை அடிச்சது அவன்தானே, நான் காசுதானே கொடுத்தேன்' என்று நினைப்பவர்கள் பிரிவு 340-ஐக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். போலி என்று தெரிந்தோ, போலியாக இருக்கும் என்று நம்பக் காரணம் இருந்தோ, ஓர் ஆவணத்தை உண்மையானதைப் போல் பயன்படுத்தினால், அதைத் தானே தயாரித்தது போலவே தண்டனை. கையில் ஊசி குத்தாமல் ஊசி போட்டதாகக் கார்டு வாங்கினவர், எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்ல முடியும்? விமான நிலையத்தில் நிற்கப்போவது ஏஜென்ட் இல்லை. நீங்கள்தான்.

இது வெறும் காகிதத் தகராறும் இல்லை. மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது ஏடிஸ் எஜிப்டி கொசு. டெங்கு பரப்புகிற அதே கொசு. நம் கடற்கரையில் நல்ல தண்ணீர் கஷ்டம். டிரம், சிமென்ட் தொட்டி, குடம் என்று கிடைத்த தண்ணீரை நாள்கணக்கில் பிடித்து வைக்கிறோம். அந்தக் கொசு முட்டையிடுவது அந்தத் தண்ணீரில்தான். இந்தியாவில் கொசு இருக்கிறது, மஞ்சள் காய்ச்சல் மட்டும் இல்லை. நோயோடு ஒருவர் வந்து இறங்கி, அவரைக் கடித்த கொசு பக்கத்து வீட்டில் கடித்தால் என்ன ஆகும் என்ற பயத்தில்தான் இத்தனை கெடுபிடி. மஞ்சள் காய்ச்சல் ஆபத்துள்ள நாட்டிலிருந்து செல்லுபடியாகிற கார்டு இல்லாமல் இந்தியாவில் இறங்கினால், ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். கடித்து ஆறு நாளுக்குள் நோய் வெளியே தெரிந்துவிடும் என்பதால் அந்தக் கணக்கு.

நம் மாவட்டத்துக்கு இது புதுசும் இல்லை. மண்டபம் கேம்ப் என்று இன்றும் சொல்கிறோமே, வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைக் கப்பலேறும் முன் தங்கவைத்து, காலரா, அம்மை இருக்கிறதா என்று பார்த்து, ஊசி குத்தி அனுப்பிய இடம் அது.

[காட்சி: விமான நிலைய சுகாதார அலுவலர் மேசை. கைகள் மட்டும் தெரிகின்றன.]

போலியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கார்டின் மாதிரியை உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச சுகாதார ஒழுங்குமுறைகள் வகுத்திருக்கின்றன. ஊசி போட்ட மருத்துவர் பேனாவால் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ரப்பர் ஸ்டாம்ப் கையெழுத்து ஆகாது. மையத்தின் முத்திரை தனியாக வேண்டும். தேதியில் மாதத்தை எண்ணாகப் போடாமல் எழுத்தில் எழுத வேண்டும். தடுப்பூசி தயாரித்த நிறுவனத்தின் பெயரும் பேட்ச் எண்ணும் இருக்க வேண்டும். போலி பெரும்பாலும் பேட்ச் எண்ணில்தான் மாட்டும். ஒரு கார்டைப் பார்த்து இருபது கார்டு அடித்தால் எல்லாவற்றிலும் ஒரே எண் வரும். அந்தத் தேதியில் அந்த பேட்ச் அந்த மையத்தில் இருந்ததா என்று கேட்டால் முடிந்தது. மையத்தின் பதிவேட்டில் அந்தப் பாஸ்போர்ட் எண் இல்லையென்றால் பேசவே வேண்டாம்.

நல்ல கார்டைத் தானே கெடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. இதுதான் எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். முன்பெல்லாம் கார்டில் பத்து வருடம் செல்லும் என்று எழுதிக்கொடுத்தார்கள். 2016 ஜூலை 11 முதல் அந்த விதி மாறிவிட்டது. ஒருமுறை போட்ட ஊசி ஆயுள் முழுக்கச் செல்லும். பழைய கார்டுக்கும் இது பொருந்தும். நம் தொண்டிக்காரரின் 2013 கார்டில் '2023 வரை' என்று இருந்தாலும் அது இன்றும் செல்லும். இது தெரியாமல் 2023-ஐ 2033 ஆக்கினால், அந்த ஒரு எழுத்தால் அசல் கார்டே செல்லாமல் போகலாம். அடித்தல் திருத்தல் இருந்தால் ஏற்கத் தேவையில்லை என்று விதியே சொல்கிறது. ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள்.

[காட்சி: கிழக்குக் கடற்கரைச் சாலை, பேருந்து ஜன்னல் வழியாக.]

சரி, மறுபிரதிக்கு வருவோம். ஊசி போட்ட மையம்தான் மறுபிரதி தர முடியும். பதிவேடு அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், சென்னைத் துறைமுக சுகாதார அலுவலகம், தூத்துக்குடித் துறைமுக சுகாதார அலுவலகம் ஆகியவை அங்கீகாரம் பெற்ற மையங்கள். பக்கத்துத் தெரு கிளினிக்கோ, ஊர் ஆரம்ப சுகாதார நிலையமோ இதைத் தர முடியாது.

போகும் முன் தேடவேண்டியது ஊசி போட்ட தேதி. சரியான நாள் தெரியாவிட்டால் மாதமும் வருடமுமாவது வேண்டும். பதிவேடு தேதிவாரியாகத்தான் இருக்கும். தேதி இல்லாமல் தேடச் சொல்வது அவர்களுக்கும் கஷ்டம். பழைய பாஸ்போர்ட்டில் நாடு விட்டுப் போன முத்திரையைப் பாருங்கள். அதற்குச் சில வாரம் முன்னால்தான் ஊசி. போனில் கார்டைப் படம் எடுத்து யாருக்காவது அனுப்பியிருக்கிறீர்களா, முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில் நகல் இருக்கிறதா என்று கேளுங்கள். மங்கலான படம் கிடைத்தாலும் பேட்ச் எண் கிடைத்த மாதிரி.

நம் ஆள் 2-ஆம் தேதியே காவல் நிலையத்தில் கார்டு தொலைந்ததாக மனு கொடுத்து ரசீது வாங்குகிறார். சில மையங்கள் இதைக் கேட்கும். பிறகு மையத்துக்குப் போன் செய்கிறார். ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும், கலக்கிவிட்டால் ஆறு மணி நேரத்துக்குமேல் வைக்க முடியாது. அதனால் ஆட்களைச் சேர்த்து, குறிப்பிட்ட நாட்களில்தான் ஊசி போடுவார்கள். மறுபிரதிக்கு எந்த நாள் வரலாம், கட்டணம் எவ்வளவு என்பதையும் அதே போனில் கேட்டுக்கொள்கிறார். கையில் எடுத்துப்போவது இப்போதைய பாஸ்போர்ட், 2013-இல் இருந்த பழைய பாஸ்போர்ட், இரண்டின் நகல், மனு ரசீது, கையால் எழுதிய ஒரு விண்ணப்பம். பழைய பாஸ்போர்ட் ஏன் என்றால், பதிவேட்டில் இருப்பது அந்த எண்தான்.

பதிவு கிடைத்தால், முன்பு ஊசி போட்ட தேதியும் பேட்ச் எண்ணும் போட்டு மறுபிரதி எழுதுவார்கள். ஜன்னலை விட்டு நகரும் முன் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா, பிறந்த தேதி சரியா, கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தப்பு இருந்தால் அங்கேயே வேறு கார்டு எழுதச் சொல்லுங்கள். உங்கள் கையெழுத்தையும் அதற்குரிய இடத்தில் போடுங்கள்.

[காட்சி: சுவரில் காலண்டர். 8-ஆம் தேதியும் 18-ஆம் தேதியும் வட்டமிடப்படுகின்றன.]

பதிவு கிடைக்கவில்லை என்றால்? ஏடு நைந்துபோயிருக்கலாம், தேதி தவறாக இருக்கலாம். அப்போது மறுபடி ஊசி போட்டுக்கொள்வதுதான் நேர்வழி. முன்பு போட்டிருக்கலாம் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் கார்டு, ஊசி போட்ட நாளிலிருந்து பத்து நாள் கழித்துத்தான் செல்லும். 18-ஆம் தேதி கானாவில் இறங்க வேண்டியவர் 8-ஆம் தேதிக்குள் ஊசி போட்டிருக்க வேண்டும். ஊசி நாள் அதற்குப் பிறகுதான் என்றால் டிக்கெட்டைத் தள்ளிப்போடுங்கள். விமானத்தை மாற்றும் செலவு உங்களைக் கொல்லாது. முன்தேதியிட்டு எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அதுவும் போலிதான்.

அறுபது வயது தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இந்த ஊசியைப் போடலாமா என்பதை மையத்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். போடக்கூடாது என்றால் காரணத்தோடு விலக்குக் கடிதம் தருவார். அதை ஏற்பதா என்பது போகிற நாட்டின் முடிவு. தூதரகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே யாரிடமாவது பணம் கட்டிவிட்டீர்களா? அந்தக் கார்டைப் பயன்படுத்தாதீர்கள், கிழித்தும் போடாதீர்கள். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றோடும் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் பதியுங்கள். அதன்பிறகு தூத்துக்குடி மையத்துக்குப் போன் போட்டு அடுத்த ஊசி நாள் எப்போது என்று கேளுங்கள்.